சராசரி +1 வந்தும் தேறாத வாட்ச்: வீட்டில் ஓட்டிப் பார்த்த 15 நாள் குரோனோமீட்டர் சோதனை

நாளுக்கு ஒரு நொடி மட்டுமே முன்னே ஓடும் வாட்ச் கையில் இருந்தால், அது குரோனோமீட்டர் தரம்தான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். குரோனோமீட்டர் சான்றிதழ் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக் கொடுப்பதல்ல. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடு ஒன்றில், சாதாரண ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றை முழுச் சோதனைக்கும் உட்படுத்திய பதிவு இது.

சுவிட்சர்லாந்தில் இந்தச் சான்றிதழை வழங்குவது கோஸ்க் என்ற நிறுவனம், 1973-இல் தொடங்கியது. அது பின்பற்றும் தரநிலை ஐ.எஸ்.ஓ. 3159. வாட்ச் கேஸுக்குள் போகும் முன்பே இயந்திரத்தைத் தனியாக வாங்கி, 15 நாள் ஓட்டிப் பார்க்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை நொடி கூடியது, குறைந்தது என்று எடுக்கிறார்கள். முதல் 10 நாள் 23 டிகிரியில் வாட்சை வைக்கும் ஐந்து நிலைகள், நிலைக்கு இரண்டு நாள். 11-ஆம் நாள் 8 டிகிரி, 12-ஆம் நாள் 23, 13-ஆம் நாள் 38. கடைசி இரண்டு நாள் மறுபடி முதல் நிலை. இந்த எண்களிலிருந்து ஏழு கணக்குப் போடுகிறார்கள். ஏழில் ஒன்று தவறினாலும் சான்றிதழ் கிடையாது.

வீட்டில் இதைச் செய்வதில் பெரிய வேலை வெப்பநிலைதான். 23 டிகிரிக்கு ஏ.சி. அறை, காற்று நேராக அடிக்காத அலமாரித் தட்டு போதும். ஏ.சி. இல்லாமல் 30 டிகிரியில் செய்தால், எல்லா எண்களும் ஒரே பக்கமாகச் சில நொடி நகர்ந்துவிடும். 8 டிகிரிக்கு ஃபிரிஜ்ஜின் காய்கறித் தட்டு. குளிரைக் குறைத்து வைத்து, பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரையும் வைக்க வேண்டும். வாட்சை சிலிக்கா ஜெல் பையோடு ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே எடுத்த பின் கவர் அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த வாட்சில் நீர் படியும். ஃபிரிஜ் கதவு ரப்பரில் காந்தம் உண்டு, அதன் அருகே வேண்டாம்.

38 டிகிரிக்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் நல்ல கருவி கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர். முட்டைக்கு 37.5 வைப்பார்கள், அதை 38 ஆக்கி, தண்ணீர்த் தட்டைக் காலியாக்கி, முட்டை திருப்பும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் அறையே 38 ஆகும், ஆனால் இரவில் இறங்கிவிடும் என்பதால் அது உதவாது.

நேரம் எடுக்க, நெட் நேரத்தை நொடியோடு காட்டும் திரைக்கு முன்னால் வாட்சைப் பிடித்து ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் அரை நொடி துல்லியம் கிடைக்கும். குறிப்பு எடுத்ததும் சாவி கொடுத்து, அடுத்த நாளுக்குரிய நிலையில் வைக்க வேண்டும். முதல் 10 நாள் எண்கள், நொடிக் கணக்கில்:

சாவிக் குமிழ் இடப்பக்கம் (6 மேலே): −6, −5
குமிழ் மேலே: −9, −8
குமிழ் கீழே: +1, +3
டயல் கீழே: +8, +9
டயல் மேலே: +9, +8

பத்தையும் கூட்டினால் +10, சராசரி +1. 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு அனுமதி −4 முதல் +6 வரை. தாராளமாகத் தேறியது. ஒவ்வொரு நிலையிலும் முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வித்தியாசம் 1, 1, 2, 1, 1. இவற்றின் சராசரி 1.2, எல்லை 2. இவற்றில் பெரியது 2, எல்லை 5. இரண்டிலும் தேறியது. சராசரியிலிருந்து மிகவும் விலகிய நாள் −9, விலகல் 10, எல்லையும் 10. மயிரிழையில் பிழைத்தது. வெப்பச் சோதனையில் 8 டிகிரியில் +13, 38 டிகிரியில் −2. வித்தியாசத்தை 30-ஆல் வகுத்தால் டிகிரிக்கு −0.5, எல்லை ±0.6. ஃபிரிஜ் 9 டிகிரியில் நின்றிருந்தால் 29-ஆல் வகுக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் −2, −3. கணக்குக்கு எடுப்பது கடைசி நாளின் −3. முதல் இரண்டு நாளின் சராசரியான −5.5-லிருந்து 2.5 நொடி நகர்வு, எல்லை ±5.

ஆறு கணக்கு தேறியாயிற்று. ஏழாவது, நிற்கும் நிலைக்கும் படுத்த நிலைக்கும் உள்ள வித்தியாசம். முதல் இரண்டு நாள் சராசரி −5.5-லிருந்து 9, 10-ஆம் நாள் சராசரி +8.5-ஐக் கழித்தால் −14. அனுமதி −6 முதல் +8 வரைதான். இங்கே விழுந்துவிட்டது.

சாதாரணத் துல்லிய வாட்சுக்கும் குரோனோமீட்டருக்கும் உள்ள வேறுபாடு இந்த −14-இல்தான் இருக்கிறது. இந்த வாட்சைப் பகலில் கட்டிக்கொண்டு இரவில் மேசையில் படுக்க வைத்தால், கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று தின்றுவிடும். கட்டியவருக்கு அருமையான வாட்ச். ஒரு வாரம் இரவில் நிற்க வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் நெம்பைத் தள்ளி இதைச் சரிசெய்ய முடியாது. நெம்பை +5 நொடிக்கு நகர்த்தினால் பத்து எண்ணும் ஒன்றாக ஐந்து ஏறும், சராசரி +6 ஆகும், −14 அப்படியே நிற்கும்.

காரணம், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தில். படுத்திருக்கும்போது அச்சு தன் உருண்ட முனையில் நின்று சுழல்கிறது. நிற்கும்போது அச்சின் பக்கவாட்டு கல்லில் உரசுகிறது, ஆட்டம் குறைகிறது. வாட்சின் டிக் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில், ஆட்டத்தின் வீச்சு படுத்த நிலையில் 280 டிகிரி, நின்ற நிலையில் 235. ஆட்டம் குறைவதே வேகத்தை மாற்றக் கூடாது. மாற்றுகிறது என்றால் முதல் சந்தேகம், சக்கரத்தை ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரெகுலேட்டரின் இரண்டு சிறு முள்களின் இடைவெளிமேல். இடைவெளி அகலமானால் சிறிய ஆட்டத்தில் ஸ்பிரிங் முள்ளைத் தொடும் நேரம் குறையும், வேலை செய்யும் நீளம் கூடும், வாட்ச் மெதுவாகும்.

இடைவெளியைக் குறுக்கி, நெம்பால் வேகத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஐந்து நிலைகளையும் மறுபடி ஓட்டியதில் கிடைத்தவை: குமிழ் இடப்பக்கம் −1, −1; குமிழ் மேலே −5, −4; குமிழ் கீழே +6, +5; டயல் கீழே +6, +6; டயல் மேலே +6, +7. சராசரி +2.5. ஏழாவது கணக்கு −7.5, இன்னும் ஒன்றரை நொடி வெளியே.

ஒன்று மட்டும் கிட்டத்தட்ட அசையவே இல்லை: குமிழ் மேலே, கீழே ஆகிய எதிரெதிர் நிலைகளுக்கு நடுவே ஏறக்குறைய அதே பத்து நொடி. இது முள் இடைவெளிக் கோளாறு அல்ல. பேலன்ஸ் சக்கரத்தின் ஒரு பக்கம் கனமாக இருப்பதன் அடையாளம். சக்கரத்தைக் கழற்றி, ரூபித் தாடைகள் உள்ள சமநிலைத் தாங்கியில் வைத்து, கீழே வந்து நிற்கும் பக்கத்தில் துளி உலோகம் எடுக்க வேண்டும். அடுத்த வேலை அதுதான்.

குவார்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: மாதம் 15 நொடி தவறும் சாதாரண குவார்ட்ஸ் வாட்ச், நாளுக்கு அரை நொடிதான் தவறுகிறது, பெரும்பாலான இயந்திரக் குரோனோமீட்டர்களைத் தோற்கடிக்கும். ஆனால் ஐ.எஸ்.ஓ. 3159 பேலன்ஸும் ஹேர்ஸ்பிரிங்கும் உள்ள இயந்திரத்துக்கு மட்டுமே. குவார்ட்ஸுக்கு கோஸ்க் தனி விதி வைத்திருக்கிறது. 23 டிகிரியில் நாளுக்கு ±0.07 நொடி.