வெள்ளிக்கிழமைதோறும் இறங்கிய கோடு

பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு மளிகைக்கடை நிறுவனத்தின் தரவுப் பிரிவில் வேலை பார்த்தபோது, மண்டல மேலாளர் ஒருவர் அடிக்கடி போன் செய்வார். "சார், வெள்ளிக்கிழமை ஆனா பில் எண்ணிக்கை ஏன் சரியுது? ஞாயித்துக்கிழமை ராத்திரி பார்த்தா ஏறியிருக்கு. எங்க ஆளுங்களை நான் என்னன்னு கேக்கறது?" அவர் பார்த்தது தினசரி பில்களின் ஏழு நாள் நகரும் சராசரி. டாஷ்போர்டு மணிக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் ஆகும். ஒவ்வொரு முறையும் முழுக் கோடும் புதிதாகக் கணக்கிடப்படும்.

கடையில் எதுவும் மாறவில்லை. மாறியது கோட்டின் கடைசி மூன்று நாட்கள் மட்டும்தான். அந்தக் கணக்கு இப்படி எழுதப்பட்டிருந்தது:

```python
daily.rolling(7, center=True, min_periods=1).mean()
```

`center=True` என்றால் ஒரு நாளின் சராசரிக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள் வேண்டும். புதிய நாட்களுக்குப் பின்னால் நாட்களே இல்லை. `min_periods=1` என்று சொல்லிவிட்டதால், இருக்கிற நாட்களை வைத்தே pandas சராசரி போட்டுவிடுகிறது. ஆக கடைசிப் புள்ளி நான்கு நாள் சராசரி, அதற்கு முந்தையது ஐந்து நாள், அதற்கு முந்தையது ஆறு நாள். படத்தில் எல்லாம் ஒரே கோடாக, ஒரே பெயரில் ஓடும்.

இதை எண்களில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். ஒரு கிளையில் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 1000 பில், சனி 1400, ஞாயிறு 1600 என்று வைத்துக்கொள்வோம். வாரா வாரம் இதே எண்கள்தான். வாரத்துக்கு 8000, ஏழால் வகுத்தால் 1143. கோடு நேராகப் போக வேண்டும். ஞாயிறு கடை மூடிய பிறகு பார்த்தால் வியாழன் 1143, வெள்ளி 1167, சனி 1200, ஞாயிறு 1250. ஏனென்றால் ஞாயிற்றின் நான்கு நாளில் இரண்டு வார இறுதி நாட்கள். வெள்ளி இரவு பார்த்தால் செவ்வாய் 1143, புதன் 1100, வியாழன் 1000, வெள்ளி 1000. வியாபாரம் அப்படியே இருக்க, படத்தில் எட்டில் ஒரு பங்கு சரிவு. வாரத்தின் ஏற்ற இறக்கத்தை மறைக்கத்தான் ஏழு நாள் சராசரியே போடுகிறோம். ஏழு நாள் நிறையாத இடத்தில் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே திரும்ப வந்துவிடுகிறது.

சரி, பின்னோக்கிய சராசரிக்கு மாற்றிவிட்டால்? அதாவது ஒரு நாளும் அதற்கு முந்தைய ஆறு நாளும். எப்போதும் ஏழு நாள் கிடைக்கும். ஆனால் திங்கள் காலை பத்து மணிக்கு அன்றைய பில் 150தான் வந்திருக்கும். போன திங்களின் 1000 வெளியே போய், இந்த 150 உள்ளே வரும். மொத்தம் 7150, சராசரி 1021. இரவுக்குள் மறுபடி 1143. இப்படித் தினமும் காலையில் விழுந்து மாலையில் எழும். அதனால் முடியாத நாளைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

அப்புறம், தாமதமாக வரும் பில்கள். நெட் இல்லாத கிளைகள் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் பில்களை அனுப்பும். நாள் முடிந்தது என்பதும் நாளின் கணக்கு நிறைந்தது என்பதும் ஒன்றல்ல. பிரிட்டன் அரசின் கோவிட் தரவுப் பக்கத்தில், மாதிரி எடுத்த தேதிப்படி போடும் எண்ணிக்கையில் கடைசி 5 நாட்கள் முழுமையில்லை என்று குறித்திருந்ததும் இதே காரணத்தால்தான். எத்தனை நாள் விட வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. தினமும் இரவு அட்டவணையை ஒரு நகல் எடுத்து வைத்தோம். இறுதி எண்ணிக்கையில் எத்தனை சதவீதம் முதல் இரவில் இருந்தது, இரண்டாவது இரவில், மூன்றாவதில் என்று சில வாரங்களுக்கு ஒப்பிட்டால் எங்கே வெட்டுவது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

```python
full = daily[daily.index <= last_full_day]
avg = full.rolling(7).mean()
```

இங்கே `min_periods` எழுதாததற்குக் காரணம் உண்டு. `7` என்று எண்ணாகக் கொடுத்தால், ஏழு மதிப்பும் இருந்தால்தான் pandas சராசரி தரும். `'7D'` என்று கால அளவாகக் கொடுத்தால் ஒரே ஒரு நாள் இருந்தாலும் தந்துவிடும். ஆனால் எண்ணாகக் கொடுக்கும்போது அது வரிசைகளைத்தான் எண்ணும். கடை மூடிய நாளுக்கு வரிசையே இல்லையென்றால் எட்டு நாளை ஏழாக எடுத்துக்கொள்ளும். அதனால் விடுபட்ட தேதிகளை முதலில் நிரப்ப வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பின்னோக்கிய ஏழு நாள் சராசரி, நடப்பைவிட மூன்று நாள் பின்தங்கியே பேசும். வெட்டிய இரண்டு நாளையும் சேர்த்தால் ஐந்து. மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு இன்றைய நிலவரம் வேண்டும், அது நியாயமான தேவைதான். அதனால் கோட்டைத் தொடாமல் பக்கத்தில் ஒரு தனி எண் வைத்தோம்: இன்று பத்து மணி வரை எத்தனை, போன வாரம் இதே கிழமை பத்து மணி வரை எத்தனை. பில்லின் நேரத்தை வைத்து மட்டும் இதை ஒப்பிடக் கூடாது. போன வாரத்துப் பில்களில் அந்த நேரத்துக்குள் நம்மிடம் வந்து சேர்ந்தவற்றைத்தான் எண்ண வேண்டும். இல்லையென்றால் தாமதப் பில்கள் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்து, இன்று எப்போதும் குறைவாகவே தெரியும். தீபாவளி வாரத்தில் அந்த எண்ணை எடுத்துவிடுவோம். அப்போது போன வாரத்தோடு ஒப்பிட ஒன்றுமில்லை.