319 ரூபாய் 50 காசு எங்கே போனது?

பழுது பார்க்கும் பணிக்குச் சொந்த பைக்கில் போய்வரும் எங்களுக்கு, நிறுவனம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. சென்ற மாதம் நான் கேட்டது 4,986 ரூபாய். அனுமதித்தது 4,666 ரூபாய் 50 காசு. ஏன் குறைந்தது என்று கேட்கப் போனால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்றார் எழுத்தர். படிவத்தை மாற்றி எழுதி வரச் சொல்லித் திருப்பியும் அனுப்பிவிட்டார். சரியாக இருக்கும் படிவத்தில் எதை மாற்றுவது?

அன்றிரவே எல்லாவற்றையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஓடோமீட்டர் மாதத் தொடக்கத்தில் 18,240, முடிவில் 19,492; ஆக ஓடியது 1,252 கிலோமீட்டர். அதில் அலுவலகப் பயணம் 1,046, சொந்தப் பயணம் 206. சொந்த ஓட்டத்தையும் ஒரு வரியில் எழுதி வைப்பது மிக அவசியம். அது இல்லையென்றால் ஒரு நாளின் முடிவு ரீடிங்கும் மறுநாளின் தொடக்க ரீடிங்கும் ஒட்டாமல், கேள்வி நம் பக்கம் திரும்பும்.

அடுத்தது விகிதம். சுற்றறிக்கைப்படி 16ஆம் தேதியிலிருந்து கிலோமீட்டருக்கு 4.50 ரூபாய் என்பது 5 ரூபாயாக உயர்ந்திருந்தது. 15ஆம் தேதி வரை 488 கிலோமீட்டருக்கு 2,196 ரூபாய், பிறகு 558 கிலோமீட்டருக்கு 2,790 ரூபாய். கூட்டினால் நான் கேட்ட அதே தொகை. மாதம் முழுவதற்கும் பழைய விகிதத்தையே போட்டிருந்தால் 558 கிலோமீட்டருக்கு ஐம்பது காசு வீதம் 279 ரூபாய் குறையும். அப்படியும் 40 ரூபாய் 50 காசு மிச்சம் நின்றது.

அந்த மிச்சத்தை 4.50ஆல் வகுத்தபோது சரியாக 9 வந்தது. பின்னமில்லாமல் முழு எண் வந்ததால், ஏதோ ஒரு பயணத்தில் 9 கிலோமீட்டர் விடுபட்டிருக்கலாம் என்று தோன்றியது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகவே இருக்கும் என்பது கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆகவே கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இடையே ஒன்று மட்டுமே வித்தியாசம் உள்ள ரீடிங்குகளைத் தேடினேன். ஒரு நாளின் தொடக்கம் 18,967, முடிவு 19,021; ஓடியது 54. அதை 19,012 என்று பதிந்திருந்தால் 45தான் வரும்.

மறுநாள் சுற்றறிக்கையின் நகலையும் அந்த நாளின் மீட்டர் படத்தையும் எடுத்துக்கொண்டு, எழுத்தரிடம் நிற்காமல் நேரே அவருடைய மேலதிகாரியிடம் போனேன். அவர் திரையைத் திறந்து பார்த்தார். இரண்டு பிழைகளும் நான் சொன்ன இடத்திலேயே இருந்தன. மீதித் தொகை அடுத்த சம்பளத்தோடு வந்து சேர்ந்தது.

படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் TRIP என்று இருக்கும்போது எடுத்த படம் செல்லாது. பொத்தானை அழுத்தி ODO என்று மாற்றிய பிறகே, அந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள்.