மூன்றாம் மாடிக் கண்ணாடிக்கு 97 நாள்

எங்கள் விடுதியின் பராமரிப்புப் புகார்ப் பட்டியலுக்கு மென்பொருள் எழுதியவன் நான்தான். வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர். போனில் பட்டியலைத் திறந்து, மேலே இருப்பதை எடுத்துச் செய்வார்கள். வரிசை முதலில் அவசர எண்படி, ஒரே எண்ணுக்குள் பழையது முன்னால் என்று இருந்தது:

```sql
ORDER BY urgency, created_at
```

1 என்றால் அவசரம், 2 சாதாரணம், 3 மெதுவாகச் செய்யலாம். குளியலறைக் கண்ணாடி உடைந்ததாக ஒரு பையன் போட்ட புகார் 3. வார்டன் கூப்பிட்டுக் கேட்டபோது அதற்கு வயது 97 நாள். போட்ட அன்று 14ஆவது இடத்தில் இருந்தது, இப்போது 19ஆவது இடம். தினமும் புதிதாக நாலு குழாய் ஒழுகினால் கண்ணாடி எப்போது மேலே வரும்?

முதலில், வாரம் ஒரு முறை பழைய புகார்களின் எண்ணை ஒன்று குறைக்கும் ஸ்கிரிப்ட் போட்டேன். மூன்று வாரத்தில் கண்ணாடியும் 1, ஷார்ட் சர்க்யூட்டும் 1. எது நிஜமான அவசரம் என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. மாணவன் முதலில் என்ன போட்டான் என்பதும் அழிந்துபோயிருந்தது. அதைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது: எண்ணைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கெடு நேரம் கொடுத்தால் போதும். பதிவான நேரத்தோடு அவசரத்துக்கு 2 மணி நேரம், சாதாரணத்துக்கு 2 நாள், மெதுவானதுக்கு 10 நாள் கூட்டினேன்.

```sql
ORDER BY due_at
```

மார்ச் 1 காலை 10 மணிக்கு வந்த கண்ணாடிப் புகாருக்குக் கெடு மார்ச் 11, 10 மணி. மார்ச் 8 காலை 10 மணிக்கு வரும் குழாய்ப் புகாரின் கெடு 10ஆம் தேதி, அதனால் அது முந்திக்கொள்ளும். ஆனால் 9ஆம் தேதி 10 மணிக்குப் பிறகு வரும் எந்தச் சாதாரணப் புகாரும் கண்ணாடியைத் தாண்ட முடியாது. கெடுவை ஒரு முறை எழுதினால் சரி. வயது ஏறுவதைத் தினமும் கணக்குப் போட வேண்டியதில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. 11ஆம் தேதி 9 மணிக்கு சுவிட்ச் போர்டில் புகை வந்தால் கெடு 11 மணி, அதாவது கண்ணாடிக்குப் பின்னால்! அதனால் புகை, மின்கசிவு, லிஃப்டில் ஆள் மாட்டுவது எல்லாவற்றையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். அதற்கு நேராக போன்தான். எது இதில் சேரும் என்பதை வார்டன்தான் முடிவு செய்கிறார், இல்லையென்றால் வைஃபை வராததும் லிஃப்ட் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, மூடிய புகாரைத் திரும்பத் திறக்கும்போது பழைய `created_at`, அதாவது முதலில் பதிவான நேரம், அப்படியே இருக்க வேண்டும், இல்லையென்றால் கெடுவும் தள்ளிப்போகும். என் மென்பொருள் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒட்டிய கண்ணாடி மறுவாரம் விழுந்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

இப்போது திங்கள்தோறும் பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்க்கிறேன். அதன் கெடு சில மணி நேரம் தவறியிருந்தால் பரவாயில்லை. வாராவாரம் ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் என்று பின்தங்கினால், வரும் வேலை இரண்டு பேர் கைக்கு மீறுகிறது என்று அர்த்தம். அப்போது வரிசையை எப்படி மாற்றினாலும் சில புகார்கள் தாமதமாகத்தான் ஆகும். போன ஜூனில் அப்படி ஆனபோது மூன்றாவது ஆளைக் கேட்டு வார்டனிடம் போனேன்.