5.7 சதவீதச் சாய்வு எங்கேயும் இல்லை: லிம் சூ காங் துண்டுக்கு நிலத்திறன் வகுப்பு போட்ட அனுபவம்

நிலம் 2 ஹெக்டர்தான். சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஒரு சிறு மேட்டின் உச்சியில் தொடங்கி கடலோரத் தாழ்வு வரை இறங்கும் பழைய கோழிப்பண்ணை இடம். அங்கே எந்த அளவுக்குப் பயிர் செய்யலாம் என்று தரம் பிரிக்கும் நிலத்திறன் வகுப்பு போட்டு வரைபடம் கொடுப்பது இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டோம். பிப்ரவரியில் தொடங்கியது டிசம்பரில்தான் முடிந்தது. முதல் வரைபடம் அப்படியே திரும்பி வந்தது. சரிபார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இந்த 5.7 சதவீதம் நிலத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?"

எங்கேயும் இல்லை என்பதுதான் பதில். உயர மாதிரியிலிருந்து கணினி எடுத்துக் கொடுத்த சராசரி அது. உச்சியில் 0.3 ஹெக்டர் 2 சதவீதச் சாய்வு. நடுவில் 0.7 ஹெக்டர் 14 சதவீதம். கீழே 1 ஹெக்டர் கிட்டத்தட்ட சமதளம், 1 சதவீதம். மூன்றையும் பரப்பளவால் எடைபோட்டுக் கூட்டினால் 5.7 வரும். அந்த எண்ணை நம்பி முழுத் துண்டுக்கும் மூன்றாம் வகுப்பு என்று ஒரே நிறம் அடித்திருந்தோம். எல்லைக்கல்லுக்குள் இருப்பதெல்லாம் ஒரே நிலம் ஆகிவிடாது. சாய்வு முறியும் இடத்தில் முதலில் கோடு போட வேண்டும். பிறகுதான் மண் துளைப்பானைக் கையில் எடுக்க வேண்டும்.

வகுப்பு போடும் விதி தெரிந்ததுதான்: சாய்வு, மண்ணாழம், அரிப்பு, வடிகால் ஆகிய நான்கு அம்சங்களில் எது மோசமோ அதுதான் வகுப்பைத் தீர்மானிக்கும். கூட்டிச் சராசரி பார்ப்பது இல்லை. 1961இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 210ஆம் கையேட்டின் எட்டு வகுப்புகளையே எடுத்துக்கொண்டோம்; எண் கூடக் கூட நிலத்தின் பயன் குறையும். அந்தக் கையேடு எல்லா ஊருக்கும் பொருந்தும் சாய்வு அளவு எதையும் கொடுக்காது. உள்ளூருக்கு ஏற்ற அட்டவணையை முதலிலேயே எழுதி, வேலை கொடுத்தவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. எங்கள் அட்டவணையில் சாய்வு 3 சதவீதம் வரை இரண்டாம் வகுப்பு, 8 வரை மூன்று, 15 வரை நான்கு. மண்ணாழம் 50 முதல் 100 செ.மீ. என்றால் இரண்டு, 25 முதல் 50 என்றால் மூன்று. ஜொகூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மலேசியாவின் பழைய நிலத்திறன் முறையில் முதல் வகுப்பு என்றால் கனிமம் எடுக்க ஏற்ற நிலம். இரண்டு முறைகளின் எண்களையும் ஒரே கோப்பில் கலந்தால் குழப்பம் நிச்சயம்.

நடுச்சரிவில் நடந்த தவறு கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது. கையில் பிடித்துப் பார்க்கும் கிளினோமீட்டருக்குள் இரண்டு அளவுகோல்கள் ஓடும்; ஒரு பக்கம் பாகை, மறுபக்கம் சதவீதம். குறிப்பேட்டில் '8' என்று மட்டும் எழுதியிருந்தது. சதவீதமாக எடுத்தால் மூன்றாம் வகுப்பு. உண்மையில் அது பாகை. 8 பாகை என்றால் 14 சதவீதம், அதாவது நான்காம் வகுப்பு. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை, மேலிருந்து கீழ்நோக்கி ஒருமுறை பார்த்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதோடு, எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதியே ஆக வேண்டும். எதிரில் நிற்பவரின் காலடியைக் குறிபார்ப்பது இன்னொரு வழக்கமான பிழை. பார்ப்பவரின் கண் உயரத்தில் ஒரு கம்பில் நாடா கட்டி, அந்த நாடாவைக் குறிபார்க்க வேண்டும்.

அரிப்பைக் கணக்கிட, போன மேல்மண் எவ்வளவு என்று தெரிய வேண்டும். போனதை அளக்க முடியாது. போகாத இடம் ஒன்றைத் தேடித்தான் ஒப்பிட முடியும். அதே சரிவில், அதே மண்ணில், உழவு படாத பழைய மரவரிசை ஒன்று இருந்தது. அதன் அடியில் கருமையான மேல்மண் 20 செ.மீ. வெட்டவெளியில் சராசரி 8 செ.மீ. ஆக 12 செ.மீ. போய்விட்டது, 60 சதவீதம். கால் பங்குக்கு மேல், முக்கால் பங்குக்குள் என்பதால் இது மிதமான அரிப்பு. இங்கேயும் ஒரு பொறி உண்டு. மரவரிசையோ வேலியோ சரிவுக்குக் குறுக்கே ஓடினால் மேலிருந்து அடித்துவரும் மண் அதன் மேல்பக்கத்தில் தேங்கும். அங்கே அளந்தால் 30 செ.மீ. கூட வரும்; அதை ஒப்பீடாக வைத்தால் 60 சதவீத இழப்பு 70ஐத் தாண்டிக் கடுமையான அரிப்பின் வாசலுக்கே போய்விடும். மரத்தின் பக்கவாட்டில், மண் தேங்காத இடத்தில்தான் ஒப்பீட்டுக் குழி போட வேண்டும்.

மண்ணாழம் 60 செ.மீ., வடிகால் நன்று. சாய்வுதான் மோசமான அம்சம், அரிப்பும் அதோடு சேர்ந்தது. ஆக நடுச்சரிவு IVe: நான்காம் வகுப்பு, e என்றால் குறை அரிப்பு.

உச்சிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். தட்டையான இடம், பார்த்தால் இரண்டாம் வகுப்பு போலத் தோன்றும். துளைப்பான் 35 செ.மீ.இல் நொறுங்கிய மணற்பாறையில் முட்டியது. ஒரு குழியை வைத்து ஆழம் எழுதக் கூடாது. ஒரு கல்லில் முட்டினாலும் இதே சத்தம்தான் வரும். 2 மீட்டர் தள்ளித் தள்ளி மூன்று குழிகள் போட்டோம். மூன்றும் 33 முதல் 37 செ.மீ.க்குள் நின்றன. மேல்மண் கொஞ்சமும் இல்லை. முதல் குறிப்பில் இதைக் 'கடுமையான அரிப்பு' என்று எழுதியதும் தவறுதான். நீர் அரித்த நிலத்தில் சிறு ஓடைக்கோடுகள் இருக்கும், இழப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறையும். இங்கே ஓடைக்கோடே இல்லை. விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேர்க்கோட்டில் நின்றது. கோழிக் கொட்டகை கட்ட அந்தக் காலத்தில் இயந்திரம் வைத்து மேட்டைச் சீவியிருக்கிறார்கள். ஆகவே e போடக் கூடாது, மண்ணின் குறையைக் காட்டும் s போட வேண்டும்: IIIs. எழுத்து மாறினால் பரிந்துரையும் மாறும். e என்று இருந்தால் சமஉயர வரப்பு போடச் சொல்வார்கள். 2 சதவீதத் தட்டில் அதற்கு வேலையே இல்லை. அங்கே வேண்டியது வெளி மண் கொட்டிய மேட்டுப்பாத்தி.

கீழ்த் துண்டுதான் அதிகம் அலைக்கழித்தது. முதல் முறை போனது பிப்ரவரி. சிங்கப்பூரில் சராசரியாக 100 மி.மீ. சுற்றியே பெய்யும் மாதம். நிலம் காய்ந்து வெடித்திருந்ததால் வடிகால் நன்று என்று எழுதிவிட்டு, துளைப்பானைக்கூடச் சரியாக இறக்காமல் திரும்பினோம். (இறக்கிய இரண்டு குழிகளும் 30 செ.மீ.இல் நின்றன. அது பாறை இல்லை, பழைய கொட்டகையின் சிமெண்டுத் தளம். தள்ளிப் போட்டபோது ஒரு மீட்டருக்கு மேல் சளசளவென்று இறங்கியது.) அன்றே மண்ணின் நிறத்தைப் பார்த்திருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். 25 செ.மீ.க்குக் கீழே மண் சாம்பல் நிறம், வேர் ஓடிய துளைகளைச் சுற்றித் துருப்பிடித்த செம்பழுப்புக் கோடுகள். நீர் நின்று காற்று இல்லாமல் போனால் இரும்பு கரைந்து மண் சாம்பலாகும். வேர்த்துளை வழியே காற்று நுழையும் இடத்தில் மட்டும் துருவாகத் திரும்பப் படியும். இந்த நிறம் வெயில் காலத்திலும் மாறாது. மேற்பரப்பு ஈரத்தைப் பார்த்து வடிகால் எழுதுவதும், காய்ந்த துணியைப் பார்த்து மழை பெய்யவில்லை என்பதும் ஒன்றுதான்.

நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய நிரப்பு மண்ணாக இருந்தால், அது பிறந்த இடத்தின் சாம்பல் நிறத்தையே காட்டும். உயிருள்ள வேர்களைச் சுற்றித் துருக்கோடு இருந்தால் இன்றைய நிலை என்று கொள்ளலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் குழியை மூடாமல் விட்டு நீர்மட்டம் பார்க்க வேண்டும். கடற்களிமண்ணில் நீர் மெல்லத்தான் ஊறும். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு 'நீர் இல்லை' என்று எழுதுவது பிழை. சராசரி மழை 300 மி.மீ.ஐத் தாண்டும் டிசம்பரில் ஓர் இரவு விட்டுப் பார்த்தபோது நீர் 20 செ.மீ.இல் நின்றது.

இதற்கு எந்த வகுப்பு? சாய்வு இல்லை, அரிப்பு இல்லை, ஆழம் தாராளம். நீர் ஒன்றுதான் குறை. வடித்துவிட முடியும் என்றால் வடித்த பிறகு மிஞ்சும் குறையை வைத்து IIIw போடலாம்; w நீரைக் குறிக்கும். முடியாது என்றால் Vw. ஐந்தாம் வகுப்பு நான்கைவிடச் செங்குத்தான நிலம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தட்டையாக இருந்தும் ஈரத்தாலோ கல்லாலோ உழ முடியாத நிலத்துக்குத்தான் அந்த வகுப்பு. அதனால் அதில் e என்ற துணைவகுப்பே கிடையாது.

குத்தகைதாரர் கால்வாய் வெட்டத் தயாராக இருந்தார். IIIw எழுதிவிட்டால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று, கால்வாயின் வாய் எங்கே திறக்கிறது என்பது. கடல் ஏறும் நேரத்தில் வெளிநீர் வயலைவிட உயர்ந்து நின்றது. தண்ணீர் போக வழியில்லை. இரண்டாவது, வாசனை. 70 செ.மீ.இலிருந்து எடுத்த கருஞ்சாம்பல் களி அழுகிய முட்டை நாறியது. பழைய அலையாத்திக் காட்டுச் சேற்றில் இது அடிக்கடி வரும். உள்ளே இரும்பு சல்பைடு இருக்கும். நீருக்குள் இருக்கும்வரை சாது. வடித்துக் காற்றுப்பட விட்டால் கந்தக அமிலமாகும்.

சோதிக்க இயந்திரம் வேண்டாம். களியை 1 செ.மீ. தடிமன் வில்லையாக்கி, அறை வெப்பத்தில், ஈரம் காயாமல், காற்றுப்படும்படி வைத்து வாரா வாரம் அமிலத்தன்மையைக் காட்டும் pH பார்க்க வேண்டும்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். 16 வாரங்களுக்குள் pH அரைப் புள்ளியாவது இறங்கி 4 அல்லது அதற்குக் கீழே போனால் சந்தேகமே இல்லை. எங்களுடையது 6.8இல் தொடங்கி ஒன்பதாவது வாரம் 3.6. வில்லையைக் காயவிட்டால் மாற்றம் பாதியில் நின்றுவிடும். முதல் தொகுதி அப்படித்தான் வீணானது. இரண்டாவதை நனைந்த துணி போட்ட டப்பாவில், மூடியை லேசாகத் திறந்து வைத்தோம்.

கால்வாய்த் திட்டம் அத்துடன் முடிந்தது. கீழ்த் துண்டு Vw ஆகவே நின்றது. குத்தகைதாரர் முகம் சுளித்தார், ஆனால் அந்த 3.6ஐக் காட்டியதும் வாதாடவில்லை. புல்லுக்கும் குளத்துக்கும் ஒதுக்கிவிட்டார்.

கடைசியாக ஒரு சில்லறைச் சிக்கல். சீவிய உச்சிக்கும் நடுச்சரிவுக்கும் இடையில் 40 சதவீதச் சாய்வில் ஒரு வெட்டுக்கரை, 6 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். தனியாகப் பார்த்தால் ஏழாம் வகுப்பு. வரைபட அளவு 1:2,500. நாங்கள் வைத்திருந்த மிகச் சிறிய வடிவம் காகிதத்தில் 0.4 சதுர செ.மீ., அதாவது நிலத்தில் 250 சதுர மீட்டர். கரை 240. விதிப்படி IVe உடன் சேர்த்தோம். ஆனால் அந்த வழியாகத்தான் தள்ளுவண்டி இறங்குகிறது, எனவே கரையின் நீளத்துக்கும் பல் போட்ட கோடு ஒன்றை வரைந்து, குறிப்புப் பட்டியலில் 'செங்குத்துக் கரை, 40 சதவீதம்' என்று எழுதினோம். இந்த முறை பென்சில் குறிப்பு எதுவும் வரவில்லை.