ஊட்டி ரயிலின் கிராங்க்கைத் திரையில் ஓட்டிய கதை

குன்னூரில் பத்து நாளாக விடாத சாரல். வெளியே வேலை இல்லை என்பதால், நெடுநாள் ஆசையை எடுத்து வைத்தேன். மலை ரயில் நீராவி எஞ்சினின் ஒரு பக்கச் சக்கரத்தையும் கிராங்க்கையும் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வரைகலை மென்பொருளில் வரைந்து, பிறகு 3டி பிரின்ட்டில் எடுப்பதுதான் திட்டம். உண்மையான எஞ்சினில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்தண்டவாளத்தில் ஏறுவதற்கென்று பல்சக்கரமும் அதற்குத் தனி சிலிண்டர்களும் உண்டு. அது பெரிய வேலை. அதனால் சாதாரணச் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாகங்கள் ஐந்துதான்: பிரேம் தகடு, சக்கரம், கனெக்டிங் ராடு, பிஸ்டனோடு சேர்ந்து ஓடும் கிராஸ்ஹெட், அது ஓடும் கைடு. சக்கர மையத்திலிருந்து கிராங்க் பின் 20 மி.மீ. தள்ளி இருக்கிறது. ராடின் நீளம் 90. பின் 20 தள்ளி இருப்பதால் கிராஸ்ஹெட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 40 மி.மீ. ஓட வேண்டும். பாகங்களை வரைய இரண்டு மாலை போதுமாக இருந்தது. அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கத்தான் ஒரு வாரம் போனது. ஒரு பாகம் இன்னொன்றோடு எப்படி ஒட்ட வேண்டும் என்று சொல்லும் நிபந்தனைக்கு இந்த மென்பொருளில் மேட் என்று பெயர்.

முதல் நாள் சக்கரம் நழுவியது. ஆக்சில் துளைக்கும் ஆக்சிலுக்கும், அச்சுகளை ஒன்றாக்கும் Concentric மேட் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மவுஸால் இழுத்தால் சக்கரம் சுற்றுகிறது, கூடவே ஆக்சில் மேலே சறுக்கிக்கொண்டு பிரேமுக்கு உள்ளேயும் போகிறது. வெளியில் கிடக்கும் ஒரு பாகத்துக்கு ஆறு விதமான அசைவு உண்டு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். Concentric அதில் நான்கைப் பிடித்துக்கொள்ளும். அச்சில் சுழல்வதும் அச்சு வழியே சறுக்குவதும் மிச்சம். சறுக்கலை நிறுத்த, சக்கரத்தின் உள்முகத்துக்கும் பிரேமுக்கும் இடையே 3 மி.மீ. என்று ஒரு Distance போட்டேன். இப்போது சுற்றல் மட்டும் மிஞ்சியது. எனக்கு வேண்டியதும் அதுதான். திரையின் இடது பக்கப் பட்டியலில் பாகத்தின் பெயருக்கு முன்னால் (-) என்று இருந்தால் இன்னும் அசைவு மிச்சம் என்று பொருள். அதைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு முதலில் நான் பயந்தேன். ஓட வேண்டிய பாகத்துக்கு அந்தக் குறி இருப்பதுதான் சரி.

அடுத்து சக்கரம் பக்கம் மாறியது, அதுவும் என் கைவரிசைதான். எப்படித் தெரியும் என்று பார்க்க அந்த 3-ஐ 0 ஆக்கினேன். திரும்ப 3 கொடுத்ததும் சக்கரம் பிரேமின் மறுபக்கத்துக்கே போய்விட்டது. 3 மி.மீ. தூரம் என்பது இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. நடுவில் 0-க்குப் போனால் எந்தப் பக்கம் என்ற ஞாபகம் மென்பொருளுக்கு இல்லை. Flip dimension என்பதைக் கிளிக் செய்தால் திரும்பி வரும்.

ராடும் இதே குணம் காட்டியது. பெரிய முனையில் எண்ணெய்க் கிண்ணம் மேலே இருக்க வேண்டும். கிராங்க் பின்னில் மாட்டி, சுழற்றி, கிராஸ்ஹெட் பக்கம் கொண்டுபோனால் அது கீழே தொங்குகிறது. இரண்டு அச்சுகள் ஒன்றாக வேண்டும் என்பதை ராடு நேராக இருந்தாலும் முகம் திரும்பி இருந்தாலும் சாதிக்க முடியும். மேட்டைத் திறந்து, Aligned, Anti-Aligned என்ற இரண்டில் மற்றதைத் தேர்ந்ததும் சரியானது. அதைவிட நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது: மேட் போடும் முன் பாகத்தை இழுத்துச் சுழற்றி, அது இருக்க வேண்டிய நிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். இரண்டு விடை இருந்தால், இப்போதைய நிலைக்குப் பக்கத்தில் உள்ளதைத்தான் பெரும்பாலும் அது எடுக்கிறது.

மூன்றாவது சிக்கல்தான் என் மண்டையை உடைத்தது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கிராங்க் பின்னின் நீளத்தை 6-லிருந்து 5.5 மி.மீ. ஆகக் குறைத்தேன். இடது பக்கப் பட்டியலில் பாதி மேட் சிவப்பானது, சக்கரம் இம்மியும் அசையவில்லை. நான்கு மேட் சிவப்பாக இருந்தால் நான்கும் தப்பு என்று அர்த்தமில்லை. ஒன்றோடொன்று முரண்படும் கூட்டம் அது, அவ்வளவுதான். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக Suppress செய்து பார்த்தேன். கிராஸ்ஹெட் முனையில் ராடின் முகத்தை ஒட்ட வைத்த Coincident-ஐ அணைத்ததும் மற்றவை எல்லாம் பழைய நிலைக்கு வந்தன.

என்ன நடந்தது என்றால், ராடின் பக்கவாட்டு இடத்தை நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். பெரிய முனையில் ஒரு முகம், சின்ன முனையில் இன்னொரு முகம். அளவுகள் ஒத்துப்போனவரை இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதால் பிரச்சினை தெரியவில்லை. அரை மி.மீ. மாறியதும் ஒன்று இங்கே வா என்கிறது, மற்றது அங்கே வா என்கிறது. சின்ன முனையின் முக மேட்டை எடுத்தேவிட்டேன். அரை மி.மீ. இடைவெளி விழுந்தது. விழட்டும். பிரின்ட்டில் எடுத்தாலும் அந்தப் பக்கவாட்டுத் தளர்வு இருந்தால்தான் ராடு சிக்காமல் ஓடும்.

சும்மா கணக்குப் போட்டும் பார்த்தேன். சக்கரத்துக்கு ஒரு சுழற்சி, ராடுக்கு ஒரு சுழற்சி, கிராஸ்ஹெட்டுக்கு ஒரு நகர்வு, ஆக மூன்று. ராடின் சின்ன முனையை கிராஸ்ஹெட் பின்னில் மாட்டுவது அதில் இரண்டை எடுத்துவிடும். மிச்சம் ஒன்று. ஒரு கிராங்க்குக்கு ஒரு அசைவு மிஞ்சினால் கணக்கு சரி.

ஆனாலும் ஒரு விஷயம் ஒட்டவில்லை. சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் அழகாகச் சுற்றுகிறது. கிராஸ்ஹெட்டைப் பிடித்து இழுத்தால் கடைசிவரை போய் நிற்கிறது, திருப்பி இழுத்தால் சக்கரம் முழுச் சுற்று சுற்றாமல் வந்த வழியே ஊஞ்சல் மாதிரி திரும்புகிறது. மேட்டை எல்லாம் மறுபடி துழாவினேன். பெரியப்பா ஒரு காலத்தில் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். டீ டம்ளரோடு வந்து திரையைப் பார்த்தார்.

"என்னடா, டெட் சென்டர்ல நிக்குதா?"

"ஆமா பெரியப்பா. மேட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"மேட்டு என்ன பண்ணும்? கிராங்க்கும் ராடும் ஒரே கோட்டுக்கு வந்தாச்சுன்னா, பிஸ்டன் எவ்வளவு தள்ளினாலும் சக்கரத்துக்கு மேல போறதா கீழ போறதான்னு தெரியாது. அதுக்குத்தானே ரயில் எஞ்சின்ல இந்தப் பக்க கிராங்க்குக்கும் அந்தப் பக்க கிராங்க்குக்கும் 90 டிகிரி வெச்சிருக்கான். ஒண்ணு நின்னா இன்னொண்ணு தள்ளும்."

நான் ஒரு பக்கம் மட்டும் வரைந்திருந்தேன். அப்போ இது பிழையே இல்லை, இயந்திரத்தின் சுபாவம். மாலையில் மறுபக்க கிராங்க்கையும் அதே ஆக்சிலில் 90 டிகிரி தள்ளிப் போட்டேன். இரண்டு சக்கரங்களும் தனித்தனியே சுற்றாமல் இருக்க அவற்றின் நடுத் தளங்களுக்கு இடையே 90 டிகிரி Angle. இப்போது ஒரு கிராஸ்ஹெட்டை மெதுவாக இழுத்தால், அது முனைக்கு வரும்போதும் மறுபக்கத்துக் கிராஸ்ஹெட் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது; அதைப் பிடித்து இழுத்தால் சக்கரம் போன திசையிலேயே தொடர்ந்து சுற்றுகிறது.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. இரண்டு பக்கத்தையும் தனித்தனி துணை அசெம்பிளியாக்கி மேல் அசெம்பிளியில் கொண்டுவந்தபோது எதுவும் அசையவில்லை, ஆனால் சிவப்பும் இல்லை. துணை அசெம்பிளி இயல்பாகவே ஒரே கல் மாதிரி இறுகித்தான் வரும். அதை வலது கிளிக் செய்து Make Subassembly Flexible கொடுத்தால் உள்ளே ஓடும். பெயருக்கு முன்னால் (f) இருந்தால் அது வேறு கதை, அந்தப் பாகத்தை நிலையாக ஆணி அடித்து வைத்திருக்கிறது என்று பொருள். வலது கிளிக்கில் Float. பிரேமுக்கு மட்டும் (f) விட்டுவைத்திருக்கிறேன்.

நாளை கைடின் ஓட்டை அளவில் 0.3 மி.மீ. கூட்டி, முதல் ராடைப் பிரின்ட்டில் போடப்போகிறேன். கரண்ட் நின்றுவிடாமல் இருக்க வேண்டும்.