முந்நூறு ஸ்டாக்கிஸ்ட்களின் பில்கள்: டெம்ப்ளேட்டா, கற்கும் மாடலா?

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மருந்துக் கடைகளின் கொள்முதல் கணக்கைக் கவனித்து வருகிறேன். மதுரையிலும், திண்டுக்கல், தேனி, விருதுநகர் ஊர்களிலும் உள்ள ஏறத்தாழ முந்நூறு ஸ்டாக்கிஸ்ட்கள் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். பில்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதை விட்டு, கணினியே படித்துப் பதியும்படி செய்ய நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்ட்டுக்கும் எந்த விவரம் தாளில் எங்கே இருக்கிறது என்று வரையறுத்த நிலையான டெம்ப்ளேட்டா, பல பில்களைப் பார்த்துச் சொற்களையும் அவற்றின் இடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும் மாடலா என்ற கேள்வி என் மேசைக்கு வந்தது.

நான் முதலில் கேட்டது யார் எத்தனை பில் அனுப்புகிறார்கள் என்பதைத்தான். பெரிய ஸ்டாக்கிஸ்ட்கள் முப்பது பேருக்குள்தான் இருந்தார்கள். ஆனால் பில்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. மீதமுள்ளவர்களில் பலர் மாதத்துக்கு ஒன்றிரண்டு பில்தான் அனுப்புகிறார்கள் என்பதால், அவர்களுக்கெல்லாம் டெம்ப்ளேட் வரைந்து பராமரிப்பது கட்டுப்படியாகாது. பெரியவர்களின் பில்லோ ஒரே மென்பொருளிலிருந்து அச்சு மாறாமல் பி.டி.எஃப். ஆக வருவதால், அங்கே டெம்ப்ளேட் வேகமாகவும் பிசகாமலும் படித்தது.

மாடலைச் சோதிப்பதில் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. பில்களைக் கலைத்துப் போட்டு ஒரு பங்கைப் பயிற்சிக்கும் மறு பங்கைச் சோதனைக்கும் எடுத்தால், ஒரே ஸ்டாக்கிஸ்ட்டின் பில்கள் இரண்டு பக்கமும் வந்துவிடும். மாடல் ஏற்கெனவே பார்த்த வடிவத்தையே மறுபடி படித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதனால் சில ஸ்டாக்கிஸ்ட்களின் பில்களை முழுமையாகப் பயிற்சியிலிருந்து விலக்கி, அவற்றில் மட்டும் சோதித்தோம். மதிப்பெண் வெகுவாக இறங்கியது. ஆனால் புதிய ஸ்டாக்கிஸ்ட் வரும் நாளில் உண்மையில் கிடைக்கப்போவது அந்த இறங்கிய மதிப்பெண்தான். பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவை அங்கும் பெரும்பாலும் சரியாக வந்தன. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதிலாக எங்கள் எண்ணை எடுப்பதும், மருந்து வரிசைகளில் பத்திகளை மாற்றிப் படிப்பதும்தான் அடிக்கடி நேர்ந்த பிழைகள்.

இரண்டு வழிகளிலும் அஞ்ச வேண்டியது ஓசையில்லாமல் நடக்கும் பிழை. ஒரு ஸ்டாக்கிஸ்ட் தன் மென்பொருளை மாற்றி இலவச அளவுக்குத் தனிப் பத்தி சேர்த்ததும், எங்கள் டெம்ப்ளேட் எந்தப் புகாரும் சொல்லாமல் பக்கத்துப் பத்தியை எடுத்துவந்தது. சரக்குப் பிரிவில் இருக்கும் தங்கை, “அண்ணே, பில்லுல பத்துதான், ஒன்னு ஃப்ரீ; சிஸ்டத்துல பத்துக்குப் பதிலா ஒன்னுன்னு காட்டுது” என்றார். மாடல் அதே பில்லைப் படித்தபோது பத்தையும் ஒன்றையும் கூட்டிப் பதினொன்று என்று எழுதியது. அதுவும், தான் படித்தது எவ்வளவு உறுதி என்று மாடலே தரும் நம்பிக்கை மதிப்பு உயர்ந்திருந்த நிலையில். அந்த மதிப்பை மட்டும் பார்த்துப் பில்லைத் தானாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது அங்கே உறுதியானது.

அதனால் படிப்பது எதுவானாலும் கணக்குச் சரிபார்ப்பு தனியே நிற்கும்படி அமைத்தேன். அந்த வரிசையில் விலை 84.00, அளவு 10, தள்ளுபடி 5 சதவீதம்: 840 ரூபாயில் 42 கழிந்து 798.00 வர வேண்டும். பில்லில் அச்சிட்ட தொகையும் அதுவே. அளவு 11 என்றால் 877.80 வரும், 1 என்றால் 79.80 வரும், இரண்டும் பொருந்தாமல் நின்றுவிடும். ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பதால் 19.95 வீதம் மத்திய, மாநில வரிகள் இரண்டும் சேர்ந்து 837.90 ஆகி, முழு ரூபாயாக்கிய பின் 838 ஆகிறது. கடைசித் தொகையில் ஐம்பது காசு வரை மட்டும் வேறுபாட்டை அனுமதிக்கிறோம். பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி எழுத்து சரிபார்ப்புக்கென்றே இருப்பதால், எழுத்துப் பிழையை அதுவே பிடித்துக் கொடுக்கும். இ-இன்வாய்ஸாக வருபவற்றின் கியூ.ஆர். குறியீட்டில் விற்பவர் எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை இருப்பதால் அவற்றை அங்கிருந்தே எடுக்கிறோம். மருந்து வரிசைகள் அதில் கிடையாது.

முடிவில் இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஜி.எஸ்.டி. எண்ணைக் கொண்டு ஸ்டாக்கிஸ்ட்டை அடையாளம் கண்டு, டெம்ப்ளேட் இருந்தால் அது முதலில் படிக்கும்; கணக்கு ஒத்துவராவிட்டால் மாடல் படிக்கும்; அதுவும் ஒத்துவராவிட்டால் ஆள் பார்ப்பார். ஒரு டெம்ப்ளேட் தொடர்ந்து தவறினால் அதை நிறுத்திவிட்டு, ஆள் திருத்திய பில்களையே மாடலின் அடுத்த பயிற்சிக்குத் தருகிறோம்.

பேட்ச் எண்ணுக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதவில்லை. 8-ஐ B என்றும், பூஜ்யத்தை O என்றும் படித்தால் எந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது. ஆனால் காலாவதியான மருந்தைத் திருப்பி அனுப்பும்போது அந்த ஒரு எழுத்தால் ஸ்டாக்கிஸ்ட் சரக்கை மறுத்துவிடுவார். அதனால் பெட்டி பிரிக்கும் இடத்தில் அட்டையைப் பார்த்துப் பேட்ச் எண்ணையும் காலாவதி மாதத்தையும் ஒப்பிடும் வேலை இன்னும் ஆட்களிடமே இருக்கிறது.