தாழ்ந்த மனைக்கு எத்தனை நடை மண்? மன்னார்குடிப் பக்கம் ஒரு மனையை மேடாக்கிய கணக்கு

மன்னார்குடிக்குக் கிழக்கே நாங்கள் வாங்கிய மனை முன்பு நெல் விளைந்த நிலம். சாலையோரம் 40 அடி, உள்நோக்கி 60 அடி. மேற்கே சாலை, கிழக்கே வடிகால் வாய்க்கால், வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து மனைகள். சாலையில் நின்று பார்த்தால் மனை கொஞ்சம் பள்ளமாக இருப்பதாகத்தான் தோன்றும். மண் அடிப்பவர்கள் இருவரை அழைத்துக் காட்டியபோது, ஒருவர் இருபது நடை போதும் என்றார். இன்னொருவர் முப்பத்தைந்து நடைக்குக் குறையாது என்றார். இருவரும் டேப்பை வெளியே எடுக்கவில்லை. ஒரே மனைக்குப் பதினைந்து நடை வித்தியாசம் வருமென்றால் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்து, எங்கள் கொத்தனாரையும் அவருடைய டியூப் லெவலையும் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, மண் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதுதான். அது முடிவாகாமல் கன அளவைப் பற்றிப் பேச இடமில்லை. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் வடியச் சில நாட்கள் ஆகும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டேன். சாலையும் ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போது சில அங்குலம் உயர்ந்துகொண்டே போகிறது. இவ்விரண்டையும் கருதி, சாலையின் நடுமட்டத்திலிருந்து 1 அடி உயரத்தில் மண் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வீட்டின் அடித்தள உயரம் அதற்கு மேல் தனிக்கணக்கு.

பிறகு ஜேசிபி வைத்துப் புல்லையும் தாளடியையும் மேலாகச் சுரண்டி அப்புறப்படுத்தினோம். மட்டம் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சுரண்டிய ஆழத்தைப் பின்னால் தனியாகக் கூட்ட வேண்டியிருக்கும். வேரும் தாளும் மண்ணுக்கடியில் கிடந்து மக்கினால் அந்த இடம் பின்னர் அமுங்கும் என்பதால், சுரண்டலை விட்டுவிடவும் முடியாது.

மட்டம் எடுத்த விதம் இது. பக்கத்து மனையின் சுற்றுச்சுவரில், சாலை நடுமட்டத்திலிருந்து சரியாக 3 அடி உயரத்தில் ஒரு கோடு கிழித்தோம். மனையை 20 அடிக்கு ஒன்றாகக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் மூலைகளில் முளை அடித்தோம். அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு, ஆக 12 முளைகள், 6 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 400 சதுர அடி. டியூபின் ஒரு முனையைக் கோட்டருகே ஒருவர் பிடிக்க, மறுமுனையை முளையருகே ஒரு கம்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தோம். கோட்டருகே இருப்பவர் தம் பக்கத்துத் தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது என்று குரல் கொடுத்த பிறகே, இந்தப் பக்கம் தண்ணீர் மட்டத்திலிருந்து தரைவரை டேப்பால் அளக்க வேண்டும். டியூபுக்குள் ஒரு சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். தொடங்குவதற்கு முன் இரு முனைகளையும் அருகருகே பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

மண் நிற்க வேண்டிய மட்டம் அந்தக் கோட்டுக்கு 2 அடி கீழே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முளையிலும் கிடைத்த அளவிலிருந்து 2 அடியைக் கழித்தால் அங்கே எவ்வளவு உயரம் மண் வேண்டும் என்பது கிடைத்துவிடும். வடகிழக்கு மூலையில் டேப் 5 அடி 6 அங்குலம் காட்டியது, அங்கே 3.5 அடி மண் வேண்டும். இப்படிக் கிடைத்த உயரங்களைச் சாலைப்பக்கத்திலிருந்து வாய்க்கால் பக்கம் வரை, வரிசைக்கு ஒரு வரியாக, தெற்கிலிருந்து வடக்காகத் தருகிறேன், எல்லாம் அடிக்கணக்கு.

சாலையோரம்: 1.5, 1.5, 1.75
20 அடி உள்ளே: 2.0, 2.25, 2.5
40 அடி உள்ளே: 2.5, 3.0, 3.25
வாய்க்கால் ஓரம்: 2.5, 2.75, 3.5

வயலாக இருந்த மனையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மனையின் எல்லையில் பழைய வரப்பு இருக்கும்; எல்லை முளைகள் இயல்பாகவே வரப்பின் தலையில்தான் விழும். எங்கள் மனையில் வரப்பு வயலைவிட முக்கால் அடி உயரம். சாலைப்பக்கம் தவிர்த்த மூன்று ஓரங்களிலும் உள்ள ஏழு முளைகளில் டேப்பை வரப்பின் தலையில் வைத்து அளந்திருந்தால், கணக்கில் 900 கன அடி, அதாவது 9 யூனிட், காணாமல் போயிருக்கும். கட்டக்கணக்கு ஒரு முளையின் உயரத்தை அதைச் சுற்றியுள்ள தரைக்கெல்லாம் பரப்பிவிடுகிறது. ஓரடி அகல வரப்பு பத்தடி அகல மேடாகக் கணக்கில் ஏறிவிடும். உண்மையில் மூன்று பக்கமும் சேர்த்து 160 அடி நீளத்துக்கு அந்த வரப்பில் இருந்த மண் 120 கன அடிதான். வரப்பைத் தோண்டித்தான் கருங்கல் தடுப்புச் சுவர் எழும்பப் போகிறது என்பதால், எல்லா ஓர முளைகளுக்கும் வரப்பின் அடியில், வயல் தரையிலேயே அளவு எடுத்தோம்.

இனிக் கன அளவு. பன்னிரண்டு உயரங்களையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பரப்பால் பெருக்குவது எளிது. ஆனால் அது சரியாகாது. மனையின் மூலையில் உள்ள முளை ஒரே ஒரு கட்டத்துக்குச் சொந்தம். ஓரத்தில் உள்ளது இரண்டு கட்டத்துக்கு. நடுவில் உள்ளது நான்கு கட்டத்துக்கு. எனவே மூலை உயரங்களை ஒரு மடங்காகவும், ஓர உயரங்களை இரு மடங்காகவும், நடு உயரங்களை நான்கு மடங்காகவும் எடுத்து, மொத்தத்தை ஒரு கட்டத்தின் பரப்பில் நாலில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். நான்கு மூலைகளின் கூட்டல் 9.25, ஆறு ஓரங்களின் கூட்டல் 14.5, இரண்டு நடு முளைகளின் கூட்டல் 5.25.

(9.25 + 2 × 14.5 + 4 × 5.25) × 400 ÷ 4 = 5925 கன அடி

வெறும் சராசரி போட்டிருந்தால் 5800 வந்திருக்கும். எங்கள் மனையில் சரிவு ஒரே சீராக இருந்ததால் வித்தியாசம் ஒன்றேகால் யூனிட்டோடு நின்றது. நடுவில் குழிந்து ஓரம் உயர்ந்த மனையில் இது பல மடங்காகும். நடுவில் பழைய குட்டையோ நாற்றங்கால் பள்ளமோ இருந்தால், அந்த ஒரு கட்டத்தை மட்டும் 10 அடிக்கு ஒரு முளையாக நெருக்கி அளப்பது அவசியம்.

5925 கன அடி என்பது இறுகி நிற்கும் மண்ணின் அளவு. லாரியில் வருவதோ உதிரி மண். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பலரும் தோராயமாகச் சொல்கிறார்கள். மண்ணுக்கு மண் அது மாறும் என்பதால், வரப்போகும் கிராவலிலேயே சோதித்துப் பார்த்தோம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பழைய டிரம் ஒன்றில் 12 அங்குல உயரத்துக்கு மண்ணை உதிரியாக நிரப்பி, அதை வெளியே கொட்டி, அதே மண்ணை மூன்று அடுக்காகத் திரும்பப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். உயரம் ஒன்பதரை அங்குலத்துக்கு இறங்கியது. அதாவது உதிரி மண் 100 பங்கு போட்டால் 79 பங்குதான் நிற்கும். இங்கே 21 சதவீதத்தைக் கூட்டினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் 7169தான் வரும், மூன்று யூனிட்டுக்கு மேல் குறையும். 5925ஐ 0.79ஆல் வகுப்பதே முறை. விடை 7500 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால், 75 யூனிட் மண் வந்து இறங்க வேண்டும்.

மூன்று யூனிட் வண்டி என்றால் 25 நடை என்று கணக்கை அங்கேயே முடித்துவிடலாம். ஆனால் வண்டிக்குப் பேர் மூன்று யூனிட் என்பதாலேயே அதில் 300 கன அடி மண் வந்துவிடாது. முதல் டிப்பர் வந்து நின்றதும், கொட்டுவதற்கு முன் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறி அளந்தேன். தொட்டியின் உள்நீளம் 13 அடி, உள்அகலம் 7 அடி, உயரம் மூன்றேகால் அடி. பெருக்கினால் 296 வருகிறது, பேருக்குக் கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் மண் நடுவில் குவிந்தும் நான்கு மூலைகளிலும் இறங்கியும் இருந்தது. பின்கதவுப் பக்கம் இன்னும் தாழ்வு. ஒரு கம்பியை நடுவிலும் நான்கு மூலைப் பக்கங்களிலும் அடித்தட்டு தட்டும்வரை குத்தி ஆழம் பார்த்ததில், சராசரி 2.9 அடி கிடைத்தது. 13 × 7 × 2.9 என்பது 264 கன அடி. 7500ஐ 264ஆல் வகுத்தால் 28.4; ஆகவே 29 நடை. “நீங்க சொல்றதும் சரிதாங்க, தொட்டி மட்டத்துக்கு யாரும் வழிச்சு ஏத்துறதில்லை” என்று ஓட்டுநர் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். மண் அடிப்பவரிடம் அன்றே பேசி, வண்டிக்கணக்கை விட்டுவிட்டு யூனிட் கணக்கில், 2.64 யூனிட் வீதம் விலை வைத்துக்கொண்டோம். எந்த வண்டியானாலும் நடைச்சீட்டு இருந்தால்தான் மண்ணை இறக்கவிட்டோம்.

வாய்க்கால் தூர்வாரிய மண் குறைந்த விலைக்குக் கிடைப்பதாகச் சொன்னார்கள். அது களி, மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும். வீடு நிற்கப் போகும் இடத்துக்கு அதை நான் ஏற்கவில்லை.

வேலையைக் கோடையிலேயே, மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் முடித்தோம்; தரை காய்ந்திருந்தால்தான் டிப்பர் புதையாமல் உள்ளே போய்வர முடியும். முக்கால் அடிக்கு மேல் தடிமன் வராமல் ஜேசிபி பரப்ப, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடிமண் உதிரியாகவே நின்றுவிடும். அன்றைக்கு மட்டம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, முதல் மழையில் இறங்கும். இறுகியதா என்று பார்க்க, ஒவ்வோர் அடுக்கிலும் ஓர் இரும்புக்கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தோம். எளிதாக இறங்கிய இடங்களில் மறுபடியும் தண்ணீர் விட்டு ஓட்டச் சொன்னேன்.

29 நடையும் இறங்கி ரோலர் ஓடிய பிறகு, சுவரில் கிழித்த அதே கோட்டை வைத்து அதே பன்னிரண்டு இடங்களிலும் மறுபடி மட்டம் பார்த்தோம். சாலைப்பக்கம் சரியாக நின்றது. வாய்க்கால் பக்கம் சில இடங்களில் இரண்டு, மூன்று அங்குலம் குறைந்திருந்தது. கோடையில் விரிந்திருந்த களித்தரை வெடிப்புகளுக்குள் மண் இறங்கியதும், அந்தப் பக்கம் தரை ஈரமாக இருந்து பாரத்துக்கு அமுங்கியதுமே காரணம் என்று கொத்தனார் சொன்னது எனக்கும் பொருத்தமாகப் பட்டது. குறைகளையும் முன்போலவே மடங்கு போட்டுக் கூட்டியதில் 240 கன அடி வந்தது, அதை 0.79ஆல் வகுத்தால் 304. இரண்டு நடை கூடுதலாகச் சொல்லி, பள்ளத்தை நிரப்பியது போக மிஞ்சியதை வாய்க்கால் ஓரச் சுவரருகே குவித்து வைத்தோம். மழைக்காலம் முடிந்ததும் மூன்றாம் முறையாக மட்டம் பார்த்துவிட்டு, அமுங்கிய இடங்களில் அந்தக் குவியலை இழுத்துவிட்ட பிறகுதான் வீட்டுக்கு நூல் பிடித்தோம்.